ஊறுகாய்க் கடைக்காரரின் கோபம்

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. அதனால்தான் அவளையும் தூக்கிக்கொண்டு நாக்பூருக்குப் போனேன்.

விருத்தாசலத்தில் எங்கள் மகளிர் குழு பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறது. சூளையிலிருந்து வரும் யானை, குதிரை, உண்டியல், பூச்சாடி எல்லாவற்றுக்கும் கண்ணும் காதும் வைப்பது நாங்கள்தான். நாக்பூரில் நடக்கும் கைவினைக் கண்காட்சியில் ஒரு கடை கிடைத்தது. குழுவில் நான்தான் பி.காம். பில் போட, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, போனில் பணம் வந்ததா என்று பார்க்க நான் போயாக வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வராது. சரி என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன்.

என் மாமியார் வாயைத் திறந்து எதிர்க்கவில்லை. ஆனால் குழந்தையின் துணிகளை மடித்துத் தரும்போது ஒவ்வொரு துணிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். என் கணவர் மட்டும் ஜங்ஷனில் வண்டி ஏற்றிவிடும்போது சொன்னார்: "ஏதாவது சரியில்லன்னு உனக்குத் தோணிச்சின்னா, யாரையும் கேக்காத. புள்ளையத் தூக்கிட்டு அடுத்த வண்டிய புடிச்சி வந்துடு. பொம்ம எங்கயும் போயிடாது."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது பெரிய பாரமாகிவிட்டது. சரியில்லை என்று எப்போது தோன்ற வேண்டும்? எனக்குத்தான் எல்லா நேரமும் தோன்றுகிறதே.

எங்களோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குழுத் தலைவி. நல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாங்கள் அக்கா என்போம். அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்னொருத்தி என்னைவிட இளையவள். துலுக்கர் வீட்டுப் பெண் என்று அக்கா சொல்வார், அவள் சிரித்துக்கொள்வாள். அவளுடைய கணவர் துபாயில் கட்டட வேலை. பொம்மைக்குக் கண் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அக்கா ரயிலிலேயே அவளிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். "அங்க போயி நீதான்மா பேசணும். உங்களுக்குத்தான் இந்தியெல்லாம் வருமே."

"யாருக்கு அக்கா வரும்? எங்க வூட்லயும் தமிழுதான். எங்க அத்தா கோவத்துல திட்டுனாகூட தமிழ்லதான் திட்டும்."

"அப்புறம் ஓதறீங்களே?"

"அது அரபி அக்கா. அத வெச்சி ஒரு குதிர பொம்ம விக்க முடியுமா?"

நான் சிரித்தேன். சிரித்தபடியே, அப்படியானால் நம் மூன்று பேரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் பயணப் பாதுகாப்பு பற்றி இணையத்தில் நிறையப் படித்திருந்தேன். மொழி தெரியாத ஊரில் ஒருவர் கோபப்பட்டால் வார்த்தையைப் பிடிக்க முயலாதே, உடம்பைப் பார் என்று போட்டிருந்தது. கால் முன்னே வருகிறதா, நிற்கிறதா? கை விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? வெளியே போகும் வழியை மறைக்கிறாரா? அதைப் படித்து எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்க வேண்டிய இடங்கள்தான் கூடின.

கண்காட்சி ஒரு பெரிய மைதானத்தில். இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே குழாய் கட்டி, துணி சுற்றிக் கடைகள் ஆக்கியிருந்தார்கள். எங்களுக்கு வலது பக்கம் ஒரு ஊறுகாய்க் கடை. கணவனும் மனைவியும். மாங்காய், எலுமிச்சை, ஆரஞ்சுத்தோல் என்று கண்ணாடி ஜாடிகளில் எண்ணெய் மினுங்க அடுக்கி, முன்னால் தட்டில் காய்ந்த மிளகாயும் விற்றார்கள். பின்பக்கம் மேலே ஒரு பலகையைத் தொங்கவிட்டு அதிலும் பெரிய ஜாடிகள். எதிரே ஒரு அம்மா மூங்கில் கூடைகளை வைத்திருந்தார்.

வைக்கோலை உதறி, பொம்மைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து அடுக்கினோம். கணீர் என்றால் நல்லது. மொத் மொத் என்றால் எங்கோ விரிசல். ஒரே ஒரு யானைக்குத்தான் தும்பிக்கை போயிருந்தது. அக்காவுக்கு அதில் ஒரே சந்தோஷம். அந்த யானையைக் கல்லாப் பெட்டி மேலேயே வைத்துக்கொண்டார்.

மதியம் குழந்தை சிணுங்கினாள். தூங்க வைக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் எங்கே போனாலும் முதலில் கண் போவது மேலே எது உறுதியாக இருக்கிறது என்பதில்தான். வேப்பங்கிளையோ, உத்திரமோ, ரயிலில் சங்கிலியோ. கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு குறுக்குக் குழாய் ஓடியது. பழைய புடவை ஒன்றை அதில் போட்டுத் தூளி கட்டினேன். அக்கா தொங்கிப் பார்த்தார். "யான குட்டிய போட்டாலும் தாங்கும்" என்றார். குழந்தையைப் போட்டதும் சொக்கிவிட்டாள். அக்கா தாளில் பொம்மை சுற்றியபடியே காலால் ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

கத்தல் என்று சொன்னால் போதாது. அந்த ஊறுகாய்க்காரர் துணித் தடுப்பைச் சுற்றி எங்கள் கடை முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. பேசியது மராத்தியா, இந்திதானா, அதுகூட எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பத்து வார்த்தை எங்களைப் பார்த்து, பத்து வார்த்தை தெருவைப் பார்த்து, பிறகு இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கி ஒரு முழக்கம். மறுபடி முதலிலிருந்து.

அக்கா முதலில் செய்தது சிரித்ததுதான். நம் ஊர்ப் பக்கம் ஒருவர் கத்தினால் லேசாகச் சிரித்து ஆற வைப்பது வழக்கம். அந்த மனிதருக்கு அந்தச் சிரிப்பு நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. அடுத்ததாக அக்கா தன் குரலை எடுத்தார். "ஏங்க, என்னாங்க இப்ப? என்னா பண்ணிட்டோம் உங்கள? பொட்டச்சிங்க மட்டும் இருக்கறோம்னு பாத்தீங்களா?" விருத்தாசலம் மார்க்கெட்டில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நீ ஒரு படி ஏற, நான் ஒரு படி ஏற, உச்சிக்குப் போனதும் இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இங்கே எந்தப் படி எங்கே முடியும் என்று யாருக்குத் தெரியும்?

"அக்கா, பேசாதீங்க. சிரிக்காதீங்க. கண்ண நேராப் பாக்காதீங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நான் தூளிக்கும் அந்த ஆளுக்கும் நடுவே நின்றுகொண்டேன். கை இரண்டையும் கீழே, விரல் தெரியும்படி வைத்தேன்.

அவர் இன்னொரு முறை வானத்தைக் காட்டிவிட்டு, ஏதோ முனகிக்கொண்டே திரும்பிப் போனார்.

"சாபம் வுடறான் பாத்தியா!" என்றார் அக்கா. "மேல இருக்கறவன் பாத்துப்பான்னு கைய தூக்கிக் காட்டறான். புள்ள தூங்குற எடத்துல வந்து!" எனக்கும் அப்படித்தான் பட்டது. நம் ஊரில் கையை வானத்துக்குத் தூக்கினால் வேறு என்ன அர்த்தம்? அக்கா உடனே மிளகாயும் உப்பும் வாங்கிவரக் கிளம்பினார். குழந்தைக்குச் சுற்றி, டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். டீக்கடைக்காரர் இருமுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. "நெடி வருது, அப்ப ஒண்ணுமில்ல" என்றார் அக்கா நிம்மதியாக.

எனக்கு நிம்மதி வரவில்லை. போனை எடுத்தேன், கணவர் எண்ணைத் தேடினேன், வைத்தேன். தூளியை மெல்ல ஆட்டினேன். ஆட்ட ஆரம்பித்த சிறிது நேரத்தில் மறுபடி அந்தக் குரல். இந்த முறை அவர் வெளியே வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே முழங்கினார்.

இளையவள் தன் கணவருக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். ஷிப்டு முடிந்து அவர் பதில் அனுப்பியதை எங்கள் மூவரின் காதுக்கும் நடுவில் போனைப் பிடித்துக் கேட்க வைத்தாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"இங்க ரூமுல எல்லா நாட்டுக்காரனும் இருக்கான். தெனம் ஒருத்தன் கத்துவான். எங்களுக்கு ஒண்ணும் புரியாது. கத்துறவனப் பாத்தா பயமாத்தான் இருக்கும், அவனப் பாக்காத. அவன் பக்கத்துல இருக்கறவனப் பாரு. அவன் மொழி தெரிஞ்சவன் என்னா செய்யறான்? ரொட்டிய பிச்சி தின்னுட்டு இருந்தான்னா, அது வெறும் பொலம்பல். எந்திரிச்சி செருப்பப் போட்டான்னா நீயும் எந்திரிச்சிடு."

அக்கா வியந்துபோனார். "பாரேன், ரொட்டிய பாக்கச் சொல்றாரு. ஏம்மா, ஒன் வூட்டுக்காரரு அங்க கட்டடம் கட்டறாரா, ஆராய்ச்சி பண்றாரா?"

அன்று சாயங்காலம் முழுக்க நான் பார்த்தேன். தடுப்புத் துணியில் ஒரு இடைவெளி இருந்தது. ஊறுகாய்க்காரர் மூன்றாவது முறை கிளம்பியபோது அவர் மனைவியைப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை நாலாக வகிர்ந்து தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. கணவர் உச்சத்துக்குப் போன இடத்தில் தலையை மட்டும் 'ஆமாம் ஆமாம்' என்பதுபோல் ஆட்டினார். எதிர்க்கடை மூங்கில் அம்மா நிமிர்ந்து பார்த்து, கொட்டாவி விட்டு, கூடைக்குத் திரும்பினார். பிறகு ஊறுகாய்க்காரர் ஒலிபெருக்கியைப் பார்த்தும் அதே குரலில் கத்தினார். தண்ணீர் வண்டி தாமதமாக வந்ததற்கும் கத்தினார். எல்லாவற்றுக்கும் கை விரிந்துதான் இருந்தது. கால் எங்கள் கடையின் விரிப்பைத் தாண்டவே இல்லை.

பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ தளர்ந்தது. ஆனாலும் என் புத்தி என்னை விடாது. மனைவிக்குப் பழகிப்போயிருக்கலாமே? பழகிப்போனவர்கள் ஆபத்திலும் எலுமிச்சம்பழம் நறுக்கலாமே? அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். குழந்தை பக்கத்தில் எப்போதும் எங்களில் ஒருவர். பின்பக்கத் துணியைக் கட்டாமல் திறந்து வைப்பது. பெண் காவலர் உட்காரும் நாற்காலி எங்கே என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இவ்வளவும் செய்த பிறகுதான் கணவருக்குப் போன் செய்து, "இன்னிக்கு இருந்து பாக்கறேன்" என்றேன். அவர், "எதைப் பாக்கற?" என்றார். எலுமிச்சம்பழத்தை என்று சொல்ல முடியுமா?

மறுநாள் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. தும்பிக்கையில்லாத யானையையே ஒரு கல்லூரிப் பெண் கேட்டு வாங்கினாள். அக்கா தமிழிலேயே விலை பேசினார், அவர்கள் அவர்கள் மொழியில் பேசினார்கள், பொம்மை கை மாறியது. இளையவள் ஒரு குதிரைக்கு அங்கேயே உட்கார்ந்து கண் எழுத, கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் அவ்வப்போது கத்தல். மழை வருகிறது, நிற்கிறது என்பதுபோல நாங்கள் வேலையைப் பார்த்தோம்.

மதியம் குழந்தையைத் தூளியில் போட்டேன். வாங்க ஒரு பெரிய கூட்டம் வந்ததால், தூங்கட்டும் என்று வேகமாக ஆட்டினேன். வழக்கம்போல அவர் ஆரம்பித்தார். முழங்கினார். முழக்கம் பாதியில் நின்றுவிட்டது.

அந்த மௌனம்தான் என்னைத் திரும்ப வைத்தது. இடைவெளி வழியாகப் பார்த்தேன். அந்த அம்மாள் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஊறுகாய்க்காரர் மனைவியிடம் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த மனிதருக்குத் தணிந்த குரல் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எதிர்க்கடை அம்மாவும் கூடையைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த கணம் ஊறுகாய்க்காரர் பின்பக்கமாக எங்கள் கடைக்குள் வந்தார். விரிப்பைத் தாண்டி. கையில் இரும்பில் ஏதோ மின்னியது. கண் நேராகத் தூளியின் மேல்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் நான் செய்த காரியங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. குழந்தையைத் தூளியிலிருந்து அள்ளி மார்போடு அணைத்து, திறந்து வைத்திருந்த பின்வழியாக வெளியே போய், காவலரின் நாற்காலிப் பக்கம் ஓடினேன். பின்னால் அக்காவின் குரல் மைதானத்தையே உலுக்கியது. "யோவ்! என்னாய்யா கையில?"

காவலரோடு திரும்பி வந்தபோது நான் கண்ட காட்சி இது. ஊறுகாய்க்காரர் கால் விரல்களில் எம்பி நின்று, குறுக்குக் குழாயை ஒரு கையாலும் சாய்ந்த பலகையை இன்னொரு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். பலகையைக் கட்டியிருந்த கம்பி ஒரு முனையில் அவிழ்ந்து தொங்கியது. அவர் மனைவி அந்தப் பக்கத்திலிருந்து ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். கணவர் வாயில் கட்டுக்கம்பி. கையிலிருந்து விழுந்த குறடு தரையில். எங்கள் அக்கா, சற்று முன் 'யோவ்' என்றவர், ஒரு ஸ்டூலில் ஏறிப் பலகைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அங்கயே நிக்கற? வந்து ஜாடிய வாங்கு! எண்ணெ ஒழுவுது எந்தலையில!"

ஒரு ஜாடி ஏற்கனவே இந்தப் பக்கம் விழுந்திருந்தது. தூளிக்குக் கீழே நாங்கள் குவித்து வைத்திருந்த வைக்கோலில், மாங்காய் ஊறுகாயோடு, மூடி மட்டும் கழன்று, உடையாமல் சாய்ந்து கிடந்தது. விழும் வழியில் தூளிப் புடவையில் பட்டிருக்கிறது. புடவையில் அகலமாக எண்ணெய்க் கறை. அதைப் பார்த்த பிறகு சிறிது நேரம் குழந்தையை யார் கேட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

பலகையை இறக்கி முடித்ததும் அவர் எங்களுக்கு விளக்கினார். சத்தமாகத்தான். ஆனால் இந்த முறை நான் அவர் கையைப் பின்பற்றி மேலே பார்த்தேன். அவர் காட்டியது வானத்தை அல்ல, குழாயை. ஒரே நீளக் குழாய், எங்கள் கடையில் ஆரம்பித்து அவர் கடை வழியாக ஓடியது. அவர் காலித் தூளியைப் பிடித்து ஆட்டினார். பிறகு தன் கடைப் பக்கம் காதைக் காட்டினார். மீதி ஜாடிகள் ஒன்றோடொன்று உரசி, கிண் கிண் கிண் என்றன. முந்தின நாளிலிருந்து இத்தனை முறையும் அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஆட்ட ஆட்ட, அவர் ஜாடிகள் ஆடியிருக்கின்றன.

"அட கடவுளே" என்றார் அக்கா. "கொழாய காட்டனவர போயி சாபம் வுட்டார்னு மொளகா சுத்திப் போட்டேனே! அதுவும் அவுரு கடையிலயே வாங்கன மொளகா!"

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. இளையவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவலர் காரணம் தெரியாமலேயே சிரித்தார். ஊறுகாய்க்காரர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். அவர் மனைவி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. எந்த ஊர் மனைவியும் அந்த இடத்தில் சொல்வதாகத்தான் இருக்கும்.

தூளியை மைதானத்து ஓர வேப்பமரத்துக்கு மாற்றினோம். ஒருவர் கூடவே இருக்க வேண்டியிருந்தது; மூங்கில் அம்மாவும் முறை எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி படுக்கையில் என் வழக்கப்படி எல்லாவற்றையும் மறுபடி புரட்டினேன். நான் கணித்தது சரியா, தவறா? முதல் நாள் அது மிரட்டல் இல்லை என்று எண்ணியது சரி. ஆனால் வெறும் புலம்பல் என்று காதை மூடிக்கொண்டது தவறு. கோபத்துக்குள் ஒரு எச்சரிக்கை இருந்தது. மறுநாள் அவர் அமைதியானதும் பயந்தேன். அவரைப் பற்றி நினைத்தது தவறு, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்ததும் நானும் எழுந்தேன், குழந்தையைத் தூக்கினேன். ஓடியதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, கொஞ்சம் வெட்கத்தைத் தவிர. நிச்சயம் தெரிந்த பிறகு நகரலாம் என்று நின்றிருந்தால்? அந்த எண்ணெய்க் கறையை நினைத்தேன். முதலில் நகர்ந்துவிட்டு, தள்ளி நின்று யோசிப்பது எனக்குச் சரிப்படும் என்று தோன்றியது. யோசிக்கத்தான் எனக்கு ராத்திரி முழுக்க இருக்கிறதே. ஆனால் அன்று நான் பாதியிலேயே தூங்கிப்போனேன்.

அதன் பிறகு அவர் கத்துவதை நிறுத்திவிட்டாரா என்றால், இல்லை. ஒலிபெருக்கிக்காரனை விடவே இல்லை. ஒருநாள் நன்றாக முழங்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் போன் செய்தார்.

"யாரு அது, இப்பிடி கத்தறது? உன்னயா? பாப்பா எங்க? நீ கெளம்பி வந்துடு, நான் டிக்கெட்டு பாக்கறேன்."

நான் துணித் தடுப்பின் இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். என் மகள் ஊறுகாய்க்கடை அம்மாளின் மடியில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஊறுகாய்க்காரர் கையை உயர்த்தும்போதெல்லாம் அவளும் உயர்த்தினாள். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க" என்றேன். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பொம்ம வித்ததும் எல்லாரும் சேந்தே வரோம்."

"நெசமாவா? நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்துட்டுத்தாங்க சொல்றேன்."